பண்டாரவன்னியன் பந்தி: காலம் குழம்பிக் கிடக்கு, எப்படிச் சரிசெய்வது?

ஒட்டுசுட்டான் வாசகி:
எங்கள் ஊர் நூல்நிலைய ஆண்டு மலருக்கு, வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைப் பற்றி வந்த ஒரு கட்டுரையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எழுதியவர் வயதானவர், விசயம் தெரிந்தவர், ஆனால் இந்தப் பந்தியை வாசித்தால் எது முதலில் நடந்தது, எது எதனால் நடந்தது என்று பிடிபடவில்லை. அப்படியே போடுகிறேன்:

"1803 ஆகஸ்ட் 25ஆம் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்குகிறான். ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைக் கைப்பற்றினார்கள். கண்டியில் அவர்களின் படை அழிக்கப்பட்டது. கோட்டையில் இருந்தவர்கள் படகில் யாழ்ப்பாணம் போயிருந்தார்கள். ட்றிபேர்க் மன்னாரிலிருந்து வந்து கற்சிலைமடுவில் வன்னியன் தோற்கிறான். இதனால் அங்கே கல் நடப்படுகிறது, அது திகதியைச் சொன்னது."

அவருடைய நடை கெடாமல் எங்கே கை வைக்கலாம்?

மாங்குளம் தம்பி:
அக்கா, இது லேசான வேலை. தாக்குகிறான், தோற்கிறான், நடப்படுகிறது எல்லாவற்றையும் இறந்தகாலத்துக்கு மாற்றுங்கோ. வரலாறு நடந்து முடிந்த விசயம்தானே, நிகழ்காலம் என்னத்துக்கு?

ஒட்டுசுட்டான் வாசகி:
மாற்றிப் பார்த்தேன் தம்பி. "தாக்கினான். கைப்பற்றினார்கள். அழிக்கப்பட்டது." காதுக்கு ஒரே சீராக இருக்கு, ஆனால் வன்னியன் கோட்டையைத் தாக்கின பிறகுதான் ஆங்கிலேயர் கரையோரத்தைப் பிடித்தார்கள் என்று வருகிறதே.

குமுழமுனை டீச்சர்:
அதுதான் இடைஞ்சல், பிள்ளை. தமிழில் இறந்தகால வினைமுற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் வாசிப்பவர் அந்த வரிசையிலேயேதான் நடந்தது என்று எடுப்பார். தம்பி சொன்னதில் பாதி சரி, அடிக்காலம் ஒன்றாக இருக்கவேணும். ஆனால் முன்னால் நடந்ததைப் பின்னால் சொன்னால், காலத்தை மாற்றினால் மட்டும் போதாது. ஒன்றில் வாக்கியத்தை இடம் மாற்றவேணும், இல்லையென்றால் "அதற்கு முன்பே கைப்பற்றியிருந்தார்கள்" என்று பின்னோக்கிப் போவதைக் காட்டவேணும்.

முதல் வேலையாகச் சம்பவங்களைத் திகதியோடு ஒரு தாளில் எழுதுங்கோ, வினையைப் பார்க்கவே வேண்டாம். ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தை எடுத்தது 1795, 96. கண்டிக்குள் போனது 1803 பெப்ரவரி, அங்கே அழிந்தது அதே வருச யூன். முல்லைத்தீவு ஆகஸ்ட் 25. கற்சிலைமடு ஒக்டோபர் 31. இந்த வரிசையிலேயே எழுதினால் "இருந்தார்கள்" என்று பின்னோக்கிப் போகிற தேவையே அநேகமாக வராது. இந்தப் பந்தியில் "போயிருந்தார்கள்" பிழையான இடத்தில் இருக்கு. வன்னியன் தாக்குவதற்கு முன்பே கோட்டை வெறுமையாகிவிட்டது என்று அர்த்தம் வந்துவிடும்.

வவுனியா வடக்கான்:
எனக்கும் இதே பிரச்சினை. அப்பப்பா சொன்ன கதையை எழுதுகிறேன், "மழைக்கு முதல் குளக்கட்டைக் கட்டுவார்கள், பிறகு எல்லாரும் ஒன்றாகச் சோறு காய்ச்சுவார்கள்" என்று வருகிறது. இது எதிர்காலம் என்று ஒருவர் வெட்டிவிட்டார். இதையும் இறந்தகாலமாக்க வேணுமா?

குமுழமுனை டீச்சர்:
வேண்டாம், அது வழக்கமாக நடந்ததைச் சொல்கிற காலம், அப்படியே விடுங்கோ. ஒருநாள் நடந்த சம்பவத்துக்கு வரும்போது மட்டும் "அந்த வருசம் கட்டு உடைந்தது" என்று மாறினால் சரி. ஆனால் இங்கே கேட்டது வேற.

பிள்ளை, காரணத்துக்கு வருகிறேன், அங்கேதான் கூடக் குழப்பம். "ட்றிபேர்க் மன்னாரிலிருந்து வந்து கற்சிலைமடுவில் வன்னியன் தோற்கிறான்" என்பதில் "வந்து" என்ற எச்சத்துக்கு எழுவாய் ஒன்று, முடிக்கிற வினைக்கு வேறொன்று. வேகமாக வாசித்தால் மன்னாரிலிருந்து வந்தது ஆங்கிலேயரின் கப்டன் ட்றிபேர்க் இல்லை, வன்னியன் என்றே படும். ஆள் மாறினால் "வந்த ட்றிபேர்க்கின் படை தோற்கடித்தது" என்று எச்சத்தை அவர் பெயரோடு ஒட்டிவிடுங்கோ.

"இதனால் கல் நடப்படுகிறது" என்பதும் நிற்காது. தோற்றது கல் நட்டதற்கு நேரடிக் காரணமில்லை, கல் வந்தது பிற்காலத்தில், "பிற்காலத்தில் நடப்பட்டது" போதும். கல் திகதியைச் "சொன்னது" என்றால் இப்போ சொல்லவில்லை என்றாகும். கல்லில் எழுதியது எப்போ வாசித்தாலும் அதையே சொல்கிறபடியால் அந்த ஒரு வினை மட்டும் நிகழ்காலம். உண்மையான காரணம் பந்தியில் எழுதப்படவேயில்லை: கோட்டை பறிபோனதால்தான் ஆங்கிலேயர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை அனுப்பினார்கள். "ஆல்" என்ற உருபை அங்கே வையுங்கோ.

மாங்குளம் தம்பி:
அப்ப டீச்சர், கண்டியில் படை அழிந்ததால்தான் வன்னியன் தாக்கினான் என்றும் எழுதலாமா? இரண்டு மாதம்தானே இடைவெளி.

குமுழமுனை டீச்சர்:
இடைவெளி காரணத்தைக் காட்டாது தம்பி. கண்டியின் துணையோடு தாக்கினான் என்பது பதிவில் இருக்கு, அதை "துணையுடன்" என்றே சொல்லலாம். "அழிந்ததால்" என்று போட்டால் அவன் மனதுக்குள் போய் எழுதியதாகும். "இரண்டு மாதம் கழித்து" என்றால் வரிசை தெளிவாகும், காரணத்தை வாசகர் ஊகிக்கட்டும்.

ஒட்டுசுட்டான் வாசகி:
நன்றி டீச்சர். இப்படி வந்திருக்கு:

"1795, 96ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், முல்லைத்தீவுக் கோட்டையிலும் படை வைத்திருந்தனர். 1803 பெப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்த அவர்களின் படை, யூன் மாதம் அங்கே அழிக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 25இல், பண்டாரவன்னியன் கண்டியின் துணையுடன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். கோட்டையில் இருந்தவர்கள் படகேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பினர். கோட்டை பறிபோனதால் ஆங்கிலேயர் மூன்று பக்கத்தாலும் படை அனுப்பினர். மன்னாரிலிருந்து வந்த கப்டன் வொன் ட்றிபேர்க்கின் படை, ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தது. பிற்காலத்தில் அங்கே நடப்பட்ட கல் அந்தத் திகதியைச் சொல்கிறது."

ஒரு சந்தேகம். "வைத்திருந்தனர்" என்றதை விடலாமா?

குமுழமுனை டீச்சர்:
விடுங்கோ, அது பின்னோக்கிப் போகவில்லை, கதை தொடங்கும்போது இருந்த நிலையைச் சொல்கிறது. "தாக்கிக் கைப்பற்றினான்" என்பதும் நல்லது, ஒரே ஆள் செய்த இரண்டு வேலை, எச்சம் அங்கே பொருந்தும்.

வவுனியா வடக்கான்:
கடைசியில் "வீரமரணம் அடைந்தான்" என்று ஒரு வரி சேர்க்கலாமே? ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

குமுழமுனை டீச்சர்:
கல்லில் இருப்பது தோற்கடித்தார் என்பதுதான், கொன்றார் என்றில்லை. அன்றைக்கே இறந்தாரா, தப்பிப் பிறகு வேறு சண்டையில் இறந்தாரா என்பதில் ஒரே கருத்து இல்லை. சேர்ப்பதென்றால் "என்று ஊரில் சொல்கிறார்கள்" என்று தனி வாக்கியமாக, நிகழ்காலத்தில் எழுதுங்கோ. ஒக்டோபர் 31 உள்ள வாக்கியத்தோடு ஒட்டவேண்டாம்.

ஒட்டுசுட்டான் வாசகி:
கட்டுரை எழுதிய ஐயாவிடம் கேட்டுவிட்டு அந்த வரியைப் பற்றி முடிவெடுக்கிறேன். அவர் கட்டாயம் சேர்க்கச் சொல்வார் என்று நினைக்கிறேன்.