ஃபில்டரைத் தாண்டியும் பழுப்பு: போர் தண்ணீர் அனுபவங்கள்

மூன்றாம்மாடி, மேடவாக்கம்
காற்று கலக்கும் அயர்ன் ஃபில்டர் போட்டு நாலு மாதம் ஆகிறது. வாஷ்பேசின், கமோடு எல்லாம் பழையபடி செங்காவிதான். வந்து பார்த்த மெக்கானிக் உள்ளே இருக்கும் மணல் கெட்டுவிட்டது என்றார், மாற்றினோம். மறுநாள் ஃபில்டர் குழாயிலேயே வெள்ளை பக்கெட்டில் பிடித்தேன். கண்ணாடி மாதிரி தெளிவு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து அம்மா என்னைக் கூப்பிட்டார். அதே பக்கெட், டீ நிறம்.

கிணற்றடி, நாகர்கோவில்
மேல் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுங்கள். எங்கள் வீட்டில் இரும்பெல்லாம் அடியில் தங்கிவிட்டது. கறை மேலேயும் அதையே தேய்க்கலாம்.

பம்புசெட், கடலூர்
கிணற்றடி சொல்வது பாதி சரி. பிளீச்சிங் இரும்பைத் துருவாக்கும். ஆனால் ஃபில்டருக்கு அப்புறம் போட்டால் அந்தத் துரு தொட்டிக்குள்ளேதான் சேரும். கறைமேல் தேய்க்கவே தேய்க்காதீர்கள், இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட்தான், கையுறை போட்டுக்கொண்டு.

என் வீட்டிலும் இதே பக்கெட் கதைதான். மேடவாக்கத்துக்காரர் கவனிக்க வேண்டியது அந்த ஒரு மணி நேரத்தை. ஃபில்டரிலிருந்து வரும்போதே பழுப்பாக இருந்தால் மணல் அடைத்திருக்கிறது, பேக்வாஷ் போதவில்லை என்று அர்த்தம். தெளிவாக வந்து பிறகு நிறம் மாறினால் மணல்மேல் தப்பில்லை. இரும்பு கரைந்த நிலையிலேயே மணலைத் தாண்டிப் போகிறது. துருத்துகளாக மாறினால்தானே மணல் பிடிக்கும்?

பி.எச். பார்த்தீர்களா? 7 இருந்தால், காற்று நன்றாகக் கலந்த தண்ணீரில் சில நிமிடத்திலேயே பாதி இரும்பு மாறிவிடும். 6.4 என்றால் அதே பாதிக்கு ஒரு மணி நேரம் போல ஆகும். மோட்டார் ஓடும்போது காற்றை உறிஞ்சி நேரே சிலிண்டருக்குள் தள்ளும் அமைப்பில் அவ்வளவு நேரம் எங்கே இருக்கிறது? நான் துளைத்தட்டு நாலு அடுக்கி, தண்ணீரை அதன்வழியாகச் சம்ப்பில் விழவைத்தேன். விழும்போதே கரியமில வாயு வெளியேறி பி.எச். கொஞ்சம் ஏறும். சம்ப்பில் ஒரு மணி நேரம் நிற்கவிட்டு, அங்கிருந்து இன்னொரு மோட்டாரில் ஃபில்டருக்கு. வாரம் இரண்டு முறை பேக்வாஷ், கழிவு நீர் தெளியும்வரை. சம்ப் அடியில் செம்மண் மாதிரி சேரும், அதையும் வாரிப்போட வேண்டும்.

கிணற்றடி, நாகர்கோவில்
எட்டு வருஷமாக அதே தொட்டி, ஒரு குறையும் இல்லை. தட்டு, சம்ப், இரண்டு மோட்டார் என்று எதற்கு இழுக்கிறீர்கள்?

ஆத்தங்கரை
எங்கள் வீட்டில் கறை கறுப்பாக இருக்கிறது. இதே ஃபில்டர் போதுமா?

பம்புசெட், கடலூர்
கறுப்பு என்றால் மாங்கனீசாக இருக்கலாம். அது வெறும் காற்றுக்குச் சுலபத்தில் மசியாது. முதலில் லேபில் கொடுத்துப் பாருங்கள்.

மூன்றாம்மாடி, மேடவாக்கம்
பி.எச். பட்டை வாங்கி நனைத்துப் பார்த்தேன், 6.5க்குக் கீழே காட்டுகிறது. சம்ப்புக்கு இடமில்லை, கீழே முழுக்க கார் பார்க்கிங். மொட்டைமாடியில் 1000 லிட்டர் டேங்க் வைத்து, தட்டு வழியாக அதில் விழவிட்டு, அதற்குக் கீழே ஃபில்டர் வைத்தால் மேல் மாடிக்கு அழுத்தம் போதுமா? யாராவது செய்திருக்கிறீர்களா?