நாமாவளி வேகம் பிடித்தபோது சொல் எங்கே போனது?

வடக்கு வீதி:
கடந்த மார்கழியில் ஏகாதசி பஜனையை நடத்தும் பொறுப்பு முதன்முறையாக எனக்கு வந்தது. தோடய மங்களமும் அஷ்டபதியும் நிதானமாகவே சென்றன. நாமாவளியில் நான் வேகத்தைக் கூட்டக் கூட்ட, எதிரே இருந்தவர்களிடமிருந்து "கோவிந்தா" என்பது "கோந்தா" என்று திரும்பி வந்தது. முன் வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் தட்டத் தொடங்கினார். அந்த மூடிய வாய் இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

சுருதிப்பெட்டி:
சுருதியை அரைக் கட்டை இறக்கியிருந்தால் பாட்டியும் பாடியிருப்பார். சொல் சிதைவதற்கு உச்ச சுருதிதான் காரணம்.

ஜால்ராக்காரர்:
சுருதி இறங்கினால் குரல் எட்டும் என்பது சரிதான். ஆனால் "கோவிந்தா" தேய்ந்தது அதனால் அன்று. முப்பது ஆண்டுகளாகத் தாளம் போடுகிறேன். எங்கள் கோஷ்டியில் ஓட்டத்தைக் கெடுத்தவன் பெரும்பாலும் நானே. பின்பாட்டு முடியும் முன்பே அடுத்த அடியை அவசரமாகத் தட்டிவிடுவேன், அதைத் துரத்திக்கொண்டு மிருதங்கமும் ஓடும்.

ஒருமுறை எங்கள் பாகவதர் செய்ததைச் சொல்கிறேன். நான்கு நாமங்கள் கொண்ட வரியை, நாமத்துக்கு இரண்டு அடி வீதம், ஆதி தாளத்தின் எட்டு அடிகளிலும் பாடி, அப்படியே திருப்பிச் சொல்ல வைத்தார். நிமிடத்துக்கு எழுபது அடி என்ற நடையில் ஒரு முறைக்கு ஏழு வினாடி ஆகும். கூட்டத்துக்கு வரி பழகிய பின், தொண்ணூறு அடி நடையில் இரண்டே நாமங்களை நான்கு அடிகளில் கொடுத்தார். கடைசியில் நடை நூற்றுப்பத்தைத் தாண்டவில்லை. "விட்டலா" என்ற ஒற்றை நாமத்தை மட்டும் இரண்டு அடியில் வீசினார், ஏறக்குறைய ஒரு வினாடியில் பதில் வந்து விழுந்தது. கேள்வியும் பதிலும் நெருங்கியதால் பஜனை பறப்பதுபோல் தோன்றியதே தவிர, நாவுக்கு அவசரமே இல்லை. நீங்கள், ஐயா, நான்கு நாமங்களையும் வைத்துக்கொண்டே நடையை இரட்டித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நடையை மாற்றுவதானால் உங்கள் முறையில் மட்டும் மாற்றுங்கள், பதில் வரும்போது மாற்றாதீர்கள். கடைசி எழுத்து காதில் விழாவிட்டால் ஒரு படி இறங்கிவிடுங்கள்.

மாடிவீட்டு அம்மா:
எங்கள் வீட்டு ராதா கல்யாணத்தில் பாட்டுத் தாளை அச்சடித்துக் கொடுத்தோம். எல்லோரும் தாளையே பார்த்ததால் பதில் அரை அடி தாமதமாக வந்தது. நாமாவளிக்குத் தாள் வேண்டாம் என்று என் மாமியார் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

வடக்கு வீதி:
ஆம், நான்கு நாமங்களையும் விடாமல்தான் பாடினேன். நாமங்களைக் குறைத்தால் வரியைப் பாதியில் விட்டதாகப் பெரியவர்கள் குறை சொல்வார்களோ என்று தயங்கினேன்.

ஜால்ராக்காரர்:
எங்கள் கோஷ்டியிலும் இருவர் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார்கள். அதனால் முடிக்கும்போது பழைய நடைக்கு இறங்கி முழு வரியையும் ஒருமுறை பாடுகிறோம், அப்படியும் அவர்களுக்குச் சமாதானம் ஆகவில்லை.