கறுப்பு நைலான் பையின் நெசவு படத்தில் தெரியவில்லை, உதவுங்கள்

கேட்டவர்: மாடிவீட்டுக் கேமரா
பை தைத்து விற்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு விளம்பரப் படம் எடுக்கிறேன். கறுப்பு நைலான் முதுகுப்பை, பித்தளை ஜிப். பைக்கு நேர் எதிரே பெரிய சாஃப்ட்பாக்ஸ் வைத்து எடுத்து, ரயில் நடைமேடைப் படம் ஒன்றில் ஒட்டினேன். துணி தார் பூசிய அட்டைபோல் இருக்கிறது. ஜிப்பின் பற்கள் ஒரே வெள்ளைக் கோடாகிவிட்டன. பை மிதக்கிறது என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் வேறு படம் தர வேண்டும். எங்கே தவறினேன்?

குறிஞ்சி
என் பயணப் பையிலும் ஜிப் தகராறுதான். மெழுகுவத்தியைப் பற்களின்மேல் தேய்த்தேன், இப்போது சுலபமாக ஓடுகிறது.

மாடிவீட்டுக் கேமரா
நன்றி அக்கா. ஜிப் நன்றாகவே ஓடுகிறது, சிக்கல் படத்தில்தான்.

ஒளிவிரும்பி
போலரைசர் ஃபில்டர் போடுங்கள். துணி, ஜிப் இரண்டின் பளபளப்பும் அடங்கிவிடும்.

பழைய ஸ்டூடியோக்காரர்
துணிக்கு அது உதவும், நைலானின் மினுமினுப்பு குறையும். பித்தளையிடம் பலிக்காது. ஜிப்பின் ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டிக் கண்ணாடி. எதிரே இருப்பது உங்கள் சாஃப்ட்பாக்ஸ், அதைத்தான் காட்டுகிறது.

நெசவு தெரிய, இழையின் மேட்டில் ஒளியும் பள்ளத்தில் நிழலும் விழ வேண்டும். நேர் எதிர் ஒளியில் அந்த நிழல் கேமராவுக்குத் தெரியாது. சாஃப்ட்பாக்ஸைக் கழற்றிவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் கொண்டுபோய், ஒளி துணியைத் தடவிக்கொண்டு போகும்படி 15, 20 பாகைச் சாய்வில் வையுங்கள். அப்போது தூசியும் நூல்பிசிறும்கூட எழுந்து நிற்கும். அவற்றை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்துவிடுங்கள். மறுபக்கம் வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒன்று போதும். ஜிப்புக்கு, கறுப்புக் காகிதப் பட்டை ஒன்றை லென்ஸுக்குப் பக்கத்தில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். பல்லுக்குப் பல் கறுப்பு விளிம்பு விழும் இடத்தில் நிறுத்துங்கள்.

உள்ளே என்ன அடைத்தீர்கள்?

மாடிவீட்டுக் கேமரா
செய்தித்தாள்.

பழைய ஸ்டூடியோக்காரர்
அதனால்தான் மிதக்கிறது. அடியில் 4 கிலோ அரிசிப் பையை வையுங்கள். அடித்துணி தரையில் அமர்ந்து சற்றுப் பிதுங்கும், தோள்பட்டை வார் தளர்ந்து சரியும். பையைச் சிமெண்ட் தரையில் வைத்தே எடுங்கள். அடியில் விழும் மெல்லிய கரிய நிழலை வெட்டாமல் சேருங்கள். நடைமேடைப் படம் எடுத்தபோது கேமரா எந்த உயரத்தில் இருந்ததோ, இதற்கும் அதே உயரம் வேண்டும்.

ஒளிவிரும்பி
நிலையத்திலேயே எடுத்துவிட்டால் ஒட்டும் வேலை இல்லையே?

பழைய ஸ்டூடியோக்காரர்
விளம்பரத்துக்கு எடுக்க ரயில்வேயிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் நடக்கிற காரியமா?

மாடிவீட்டுக் கேமரா
நேற்று மாலை 5 மணி வெயிலில் மொட்டை மாடியில் எடுத்தேன். குறுக்கிழையும் நெடுக்கிழையும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஜிப்பில் பற்களை எண்ணலாம். ஆனால் நடைமேடைப் படம் இரவில், குழல்விளக்கின் கீழ் எடுத்தது. என் பையின் நிழலோ நீண்டு இடப்பக்கம் விழுகிறது. நடைமேடைப் படத்தை மாற்றவா, பையை மறுபடி எடுக்கவா?

பழைய ஸ்டூடியோக்காரர்
நான் நடைமேடைப் படத்தைத்தான் மாற்றுவேன்.

ஒளிவிரும்பி
நானாக இருந்தால் பையை மறுபடி எடுப்பேன். இரவு ரயில்தான் பயணப் பைக்குப் பொருத்தம்.