புதுப்பிப்பு: தம்பியின் ரவுடி ஷீட்

முன்பு கேட்டது: "தம்பிக்கு வழக்கில் விடுதலை கிடைச்சாச்சு. ஆனா ஸ்டேஷன்ல அவனைக் கண்காணிக்க வச்சிருக்கிற ரவுடி ஷீட் அப்படியே இருக்கு. எடுக்க வழி உண்டா?"

"விடுதலையானா தானாவே போயிடும்" என்று ஒருவர் சொன்னார். பாதிதான் சரி. விடுதலை நல்ல காரணம், ஆனால் ஷீட்டை மூடுவதற்குத் தனி உத்தரவு வேண்டும்.

வழக்கறிஞர் அண்ணன் சொன்னதுதான் உதவியது. தமிழ்நாட்டு போலீஸ் நிலை ஆணைப்படி ஷீட் திறந்த வருஷம் டிசம்பர் கடைசி வரைக்கும்தான். அப்புறமும் தொடர உயரதிகாரி உத்தரவு போடணும். "நடவடிக்கை கண்காணிக்க வேண்டியுள்ளது" என்று வருஷா வருஷம் ஒரே வரியை எழுதியிருந்தால், சரியான காரணம் காட்டவில்லை என்பதுதான் நம் பிடி.

தீர்ப்பு நகலோடு எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு போட்டோம். பதில் இல்லை. இப்போது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. இன்னொரு பழைய அடிதடி வழக்கு நிலுவையில் இருப்பதைக் காட்டி போலீஸ் எதிர்க்கலாம் என்கிறார் அண்ணன்.

போலீஸ் ராத்திரி வந்து கதவு தட்டுவது பற்றிக் கேட்டவருக்கு: கண்காணிப்பு என்ற பேரில் ராத்திரி வீட்டுக்கு வரும் விதியை கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-லேயே ரத்து செய்துவிட்டது. அவர்கள் வந்த தேதி, நேரம் குறித்து வைத்து மனுவில் சேர்த்துவிடுங்கள்.