‘நாம் முன்பு பேசியபடி’: காணாத பேச்சுக்கு ஒரு கலைச்சொல்

மொரீசியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

மதிப்பிற்குரிய நண்பர்களே, செயற்கை நுண்ணறிவு உரையாடு செயலிகளுக்கான நம் சொற்பட்டியலில் ஓர் இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. பயனர் ‘நாம் முன்பு பேசியபடி’ என்று தொடங்குகிறார். செயலிக்கு முன்னே அப்படி ஒரு பேச்சும் இல்லை. இந்த நிலைக்கு ஒரு பெயரும், அப்போது செயலி நேர்மையாகச் சொல்லத்தக்க முதல் வரியும் வேண்டும்.

எனக்கு நேர்ந்ததையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். எங்கள் கோவிலின் காவடித் திருவிழா அறிவிப்பைக் காலையில் கைபேசியில் ஒரு செயலியோடு பேசித் திருத்தினேன். கொடியேற்றம், காவடிச் செலவு, அன்னதானம் ஆகிய மூன்று சொற்களை மாற்றக்கூடாது என்று முடிவாயிற்று. மாலையில் அலுவலகக் கணினியில் அதே செயலியைத் திறந்து, அறிவிப்பை ஒட்டி, ‘நாம் முன்பு பேசியபடி மூன்றாவது பத்தியைச் சுருக்கு, அந்த மூன்று சொற்களை மட்டும் மாற்றாதே’ என்று எழுதினேன். ‘ஆமாம், நாம் முடிவு செய்தபடி ஊர்வலம், பந்தல், நன்கொடை ஆகிய சொற்களை அப்படியே வைத்திருக்கிறேன்’ என்று விடை வந்தது. அவசரத்தில் அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அன்னதானம் இருந்த இடத்தில் நன்கொடை நின்றதால், சாப்பாட்டுக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்று இரண்டு நாள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

‘முன்னுரையாடல் இன்மை’ என்பது என் முன்மொழிவு.

காத்ர் போர்னிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

புதுச்சொல் படைக்குமுன் பழையதைப் பார்ப்போம். நம் உரையாசிரியர்கள் சுட்டை வகைப்படுத்தும்போது உலகறி சுட்டு, பண்டறி சுட்டு என்று பிரித்தார்கள். முன்னரே அறிந்த ஒன்றை ‘அந்த’ என்று சுட்டினால் அது பண்டறி சுட்டு. தாங்கள் எழுதிய ‘அந்த மூன்று சொற்கள்’ அச்சு அசலாக அதுவேயாகும். கேட்பவர் அறியாதபோது அதைப் பண்டறியாச் சுட்டு என்போம். இயந்திரத்துக்கு மறதி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஃப்ளாக்கிலிருந்து:

எனக்கும் இதே தொல்லை, ஐயா. தங்கை மகனோடு பேசிய பழைய செய்திகள் கைபேசியை மாற்றியபின் ஒன்றுகூட இல்லை. அவற்றை மீட்க இந்தச் சொற்பட்டியலில் வழி இருக்கிறதா?

எபேனிலிருந்து, மென்பொருள் பொறியாளர்:

அம்மா, தங்கள் செய்திகள் காப்புப்படியில் இருக்கக்கூடும். அதைத் தனியே எழுதுகிறேன். இங்கே பேசப்படுவது வேறு.

ஆசிரியர் ஐயாவின் இலக்கணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் ‘மறதி’ என்பதை ஏற்க இயலவில்லை. மறப்பதற்கு முதலில் நினைவில் இருந்திருக்க வேண்டும். உரையாடலின் பின்னுள்ள மொழி மாதிரி, ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் இடையில் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. நாம் ஒவ்வொரு முறை எழுதும்போதும், அதுவரையிலான பேச்சு முழுவதையும் செயலிதான் சேர்த்து அனுப்புகிறது. மொழிபெயர்ப்பாளர் மாலையில் திறந்தது புது உரையாடல். ஆகவே மாதிரிக்குப் போய்ச் சேர்ந்தது, ஒட்டிய அறிவிப்பை நீக்கிப் பார்த்தால், இவ்வளவுதான்:

```
[
  {"role": "user",
   "content": "நாம் முன்பு பேசியபடி மூன்றாவது பத்தியைச் சுருக்கு..."}
]
```

இதற்கு மேலே ஒரு வரியும் இல்லை. ஆனால் அந்த வரி இல்லாமற்போவதற்குக் காரணங்கள் பல. பயனர் புது உரையாடலைத் திறந்திருக்கலாம். வேறு கணக்கில் நுழைந்திருக்கலாம். ஒரே உரையாடல் மிக நீண்டு, அதன் தொடக்கத்தைச் செயலி வெட்டியோ சுருக்கியோ அனுப்பியிருக்கலாம். அல்லது பயனர் உண்மையில் ஒரு மனிதரோடு பேசியதை இங்கே பேசியதாக எண்ணியிருக்கலாம். இவற்றுள் எது நடந்தது என்பதை மாதிரியால் பெரும்பாலும் பிரித்தறிய முடியாது. எல்லாமே அதற்கு ஒரே வெறுமைதான்.

இதனால்தான் ‘இன்மை’ என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. ‘நாம் அப்படிப் பேசவே இல்லை’ என்று செயலி மறுத்தால், ‘ஆமாம், பேசினோம்’ என்று ஒப்புக்கொண்டதைப் போலவே அதுவும் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்வதாகும். காலையில் பேச்சு உண்மையாகவே நடந்தது அல்லவா? தன் பார்வைக்கு அது வரவில்லை என்பது ஒன்றே செயலி உறுதியாகச் சொல்லக்கூடியது. ஆகவே ‘இன்மை’ என்பதை விட்டு, ‘காணா முன்பேச்சு’ என்று வைக்கலாம்.

ரோஸ் ஹில்லிலிருந்து:

ஏற்கிறேன். ஆனால் முதல் வரியில் தமிழே ஒரு கண்ணி வைத்திருக்கிறது. ‘அது எனக்குத் தெரியவில்லை’ என்றால் கண்ணுக்குப் புலப்படவில்லை என்றும் பொருள், அறியேன் என்றும் பொருள். ‘காணவில்லை’ என்றாலோ, தொலைந்துபோனது போன்ற பதற்றம் வருகிறது. ‘இந்த உரையாடலில் முந்தைய பேச்சு என் பார்வைக்கு வரவில்லை’ என்று எழுதிப் பார்த்தேன். சற்று விறைப்பாக இருந்தாலும் பொருள் வழுக்கவில்லை.

அடுத்த ஐயம்: இப்படிச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் மீண்டும் சொல்லும்படி பயனரைக் கேட்பதா?

எபேனிலிருந்து:

வேண்டியதில்லை. கோரிக்கையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அறிவிப்பு கையில் இருப்பதால் மூன்றாவது பத்தியைச் சுருக்க முன்பேச்சு தேவையே இல்லை. ‘அந்த மூன்று சொற்கள்’ மட்டும்தான் காணாத பேச்சில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எனவே விடை இப்படி அமையலாம்: ‘முந்தைய பேச்சு இந்த உரையாடலில் என் பார்வைக்கு வரவில்லை. மூன்றாவது பத்தியைச் சுருக்கிக் கீழே தந்திருக்கிறேன். எந்த மூன்று சொற்கள் என்று அறியாததால், அதில் இருந்த பெயர்ச்சொற்கள் எதையும் மாற்றவில்லை. அந்த மூன்றையும் சொன்னால் சரிபார்க்கிறேன்.’ செய்யக்கூடியது செய்யப்பட்டது, செய்துகொண்ட அனுமானம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது, கேட்டது ஒரே கேள்வி.

புனைந்த விடையைக் கண்டுகொள்ள ஓர் அடையாளமும் உண்டு. அதிலுள்ள ‘நினைவு’, பல நேரங்களில் எந்த அறிவிப்புக்கும் பொருந்தும் பொதுச்சொல்லாக இருக்கும். ஊர்வலம், பந்தல், நன்கொடை ஆகிய மூன்றும் அப்படிப்பட்டவைதாமே? இந்தத் திருவிழாவுக்கே உரிய காவடிச் செலவு என்ற சொல் அங்கே வரவில்லை.

காத்ர் போர்னிலிருந்து:

தம்பி சொன்னதை ஏற்று மறதியைத் திரும்பப் பெறுகிறேன். எனினும் சுட்டை விட மனமில்லை, ஏனென்றால் பழுது பேச்சில் இல்லை, அதைச் சுட்டும் சொல்லில் இருக்கிறது. ஒருவர் மட்டும் அறிந்து சுட்டுவதால் ‘ஒருதலைச் சுட்டு’ என்றால் என்ன? ஒருதலைக் காதல் எல்லாருக்கும் புரிகிறதே. தடை ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன்: பழைய நூல்களில் ஒருதலை என்பதற்கு உறுதி, துணிவு என்ற பொருளும் உண்டு. இங்கே வேண்டியதற்கு அது நேர்மாறு.

இன்னொன்று. என் பேரப்பிள்ளைகள் கிரியோலில் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘குமா நு தி தீர்’, அதாவது நாம் சொன்னபடி, என்கிறார்கள். பாதி நேரம் யாரும் எதையும் சொல்லியிருப்பதில்லை. அது வெறும் பேச்சு வழக்கு. அதற்கெல்லாம் செயலி நின்று விளக்கம் சொல்லவேண்டுமா?

எபேனிலிருந்து:

நல்ல கேள்வி, ஐயா. அந்தத் தொடரை நீக்கினாலும் கோரிக்கை முழுமையாக இருந்தால் விளக்கம் தேவையில்லை என்பது என் கருத்து. ‘நாம் சொன்னபடி ஏழை ஐந்தால் பெருக்கு’ என்றால் பெருக்கிவிடலாம். ஆனால் ‘முன்பு நீ சரியென்று சொன்ன மருந்தளவு இதுதானே’ என்று ஒருவர் எழுதினால், கோரிக்கை முழுமையாகத் தோன்றினாலும், அந்த ஒப்புதல் தன்னிடம் இல்லை என்று சொல்லித்தான் ஆகவேண்டும். பேசாமல் விட்டால் அதுவே ஒப்புதலாகிவிடும். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழும் என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

ரோஸ் ஹில்லிலிருந்து:

இப்போதைக்குத் திரையில் தோன்றும் வரிகளுக்குக் ‘காணா முன்பேச்சு’ என்றும், பயனர் எழுதும் தொடரைக் குறிக்க ‘ஒருதலைச் சுட்டு’ என்றும் இரண்டையும் பதிந்திருக்கிறேன். இரண்டாவதன் எதிரே ஐயாவின் தடையையும் குறித்துள்ளேன். சில செயலிகள் பழைய பேச்சிலிருந்து சிறு குறிப்புகளை மட்டும் சேமித்து, புது உரையாடலில் சேர்த்து அனுப்புகின்றன. அங்கே முன்பேச்சு பாதி தெரியும், பாதி தெரியாது. அதற்கும் ‘காணா’ பொருந்துமா என்று வியாழனுக்குள் எழுதுங்கள்.

ஃப்ளாக்கிலிருந்து:

‘அரைகுறை முன்பேச்சு’ என்று வைக்கலாமே. என் செய்திகளும் பாதி கிடைத்துவிட்டன.