வார ஸ்டேட்டஸ் மெயிலில் மூன்று வாரமாகச் சொல்லியும் கிளையன்ட் கவனிக்கவில்லை, எப்படி எழுதுவது?

கயல்
பில்லிங் மென்பொருள் ஒன்று செய்கிறோம். மொத்தம் 14 திரைகள், மார்ச் 28 வெள்ளிக்கிழமை ரிலீஸ். வாராவாரம் வெள்ளியன்று கிளையன்ட் மேனேஜருக்கு ஸ்டேட்டஸ் மெயில் அனுப்புவது என் வேலை. பேமென்ட் பகுதியைச் சோதிக்க அவர்கள் தர வேண்டிய டெஸ்ட் கீ இன்னும் வரவில்லை. மூன்று வாரமாக அதை எழுதி வருகிறேன். இன்று மீட்டிங்கில், "இதனால் ரிலீஸ் தள்ளிப்போகும் என்று ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டுவிட்டார். மனசே விட்டுப்போனது. போன வார மெயிலில் இருந்து:

> இன்வாய்ஸ் திரைகளில் வேலை நடக்கிறது. ரிப்போர்ட் பகுதியில் சில திருத்தங்கள் செய்தோம். மொத்தத்தில் 80% முடிந்தது. பேமென்ட் டெஸ்ட் கீ பெண்டிங்.

நாளை, 7ஆம் தேதி, அடுத்த மெயில் போக வேண்டும். என்ன மாற்றலாம்?

வடக்குவாசல்
அந்த வரியைச் சிவப்பில் போட்டு முதலில் வையுங்கள். அவருடைய மேலதிகாரியையும் சிசி-யில் சேருங்கள். உடனே கீ வந்துவிடும்.

தினேஷ்_கே
நான் தினமும் மாலை என் லீடுக்கு எத்தனை மணி நேரம் எதில் போனது என்று அனுப்புகிறேன். மணிக்கணக்கு இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. நீங்களும் சேர்த்துப் பாருங்கள்.

பழையகணக்கு
தினேஷ், அது உங்கள் டீமுக்குள் போகும் ரிப்போர்ட். பணம் கொடுப்பவருக்கு நம் மணிக்கணக்கு எதையும் சொல்லாது.

கயல், நீங்கள் எழுதியது உண்மைதான். ஆனால் "பெண்டிங்" என்று படித்ததும், யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதைத் தர வேண்டியது தானேதான் என்று அவருக்குத் தெரியவில்லை. எந்தத் தேதிக்குள் என்றும் இல்லை, ரிலீஸுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்றும் இல்லை. இரண்டு விஷயம் சொல்லுங்கள்: கீ வந்தபின் சோதனைக்கு எத்தனை நாள் வேண்டும்? 14 திரைகளில் எத்தனையை அவர்கள் ஆட்களே பார்த்து ஓகே சொல்லியிருக்கிறார்கள்?

கயல்
சோதனைக்கு 8 வேலை நாள், அதில் வரும் பிழைகளைத் திருத்த 3 நாள். ஓகே ஆனது 9 திரைகள்.

பழையகணக்கு
அப்படியானால் 80% வேண்டாம். அது உங்கள் உள்கணக்கு, அவரால் சரிபார்க்க முடியாது. 14-ல் 9 என்றால் அவரே தன் ஆட்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது 28-இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். திருத்தம் 25, 26, 27. சோதனை 13 வியாழன் தொடங்கி 24 திங்கள் வரை, நடுவில் சனி, ஞாயிறு லீவு. ஆக, கீ 12 புதன் மாலைக்குள் கையில் இருக்க வேண்டும். இந்தத் தேதிதான் உங்கள் மெயிலில் இல்லாமல் போனது. நான் இப்படி எழுதுவேன், இதில் பச்சை என்றால் எல்லாம் சரி, மஞ்சள் என்றால் தேதிக்கு ஆபத்து:

> சப்ஜெக்ட்: பில்லிங், மார்ச் 7 – மஞ்சள் – 12ஆம் தேதிக்குள் உங்களிடமிருந்து டெஸ்ட் கீ தேவை
>
> மார்ச் 28 ரிலீஸுக்கு ஒரு ஆபத்து இருக்கிறது. பேமென்ட் டெஸ்ட் கீயை 12 புதன் மாலைக்குள் நீங்கள் தந்தால் தேதி மாறாது. அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு வேலை நாளுக்கும் ரிலீஸ் ஒரு வேலை நாள் தள்ளும். கீ வராவிட்டால், பேமென்ட் இல்லாமல் மற்றவற்றை மட்டும் 28-இல் வெளியிடலாம். அந்த முடிவு உங்களுடையது.
>
> முடிந்தது: 14 திரைகளில் 9-ஐ உங்கள் டீம் பார்த்து ஒப்புக்கொண்டது.
> அடுத்த வாரம்: இன்வாய்ஸ் திரைகள் 2 உங்கள் பார்வைக்கு வரும்.

அனுப்புவதற்கு முன் போனில் ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள். மஞ்சள் என்பதை அவர் முதன்முதலில் மெயிலில் பார்க்கக் கூடாது. வடக்குவாசல் சொன்னபடி மேலே வைப்பது சரி. ஆனால் கேட்காமல் மேலதிகாரியைச் சேர்த்தால் மனிதர் கீயைத் தேட மாட்டார், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார்.

வடக்குவாசல்
எனக்கு இரண்டு முறை அதுதான் வேலை செய்தது. 12 தாண்டியும் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?

பழையகணக்கு
அப்போது சேர்ப்பேன், ஆனால் சேர்க்கப்போகிறேன் என்று அவரிடம் முதலில் சொல்லிவிட்டு.

கயல்
கணக்கு போட்டபோதுதான் எனக்கே 12 என்று தெரிந்தது. இன்னொரு சிக்கல். "மஞ்சள் என்று போடாதே, கிளையன்ட் பயந்துவிடுவார், பச்சையாகவே இருக்கட்டும்" என்கிறார் எங்கள் அக்கவுன்ட் மேனேஜர்.

பழையகணக்கு
நிறம் வேண்டாம் என்றால் நிறத்தை விட்டுவிடுங்கள். 12ஆம் தேதியும் ரிலீஸ் தள்ளும் என்பதும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அதையும் எடுக்கச் சொன்னால், அவரையே போனில் கிளையன்டிடம் பேசச் சொல்லுங்கள்.

கயல்
காலையில் கேட்டுப் பார்க்கிறேன். ஒப்புக்கொள்வாரா தெரியவில்லை.