அண்ணன் வண்டி சத்தம் கேட்டா என் கேம் உடைஞ்சிரும்: கிளவுட் கேமிங் லேக், உங்க அனுபவம் என்ன?

ஈரோட்டான்

கேபிள்காரர்கிட்ட நான் கத்தினது இன்னும் உறுத்துதுங்க, அதனாலதான் எழுதறேன்.

என்கிட்ட கேமிங் பிசி கிடையாது. பழைய லேப்டாப், கிளவுட்லதான் விளையாட்டு: கேம் எங்கயோ இருக்கற சர்வர்ல ஓடும், படம் மட்டும் நெட்ல எனக்கு வரும். 100 எம்பிபிஎஸ் ஃபைபர். பகல்ல தேன் மாதிரி ஓடும். ராத்திரி எட்டரை ஆனா போதும், படம் கட்டம் கட்டமா உடையும், பட்டனை அமுக்கி அரை செகண்ட் கழிச்சு ஆள் குதிப்பான், கடைசில "கனெக்‌ஷன் போச்சு"னு வெளிய தள்ளிரும். பத்து மணிக்கு மேல தானா சரியாயிரும். ராத்திரி எல்லாரும் நெட் பாக்கறாங்க, லைன்காரன் தாங்கலைனு நானே முடிவு பண்ணிட்டேன். ஆள் வந்து ரெண்டு தடவை பாத்தாரு, ஒயரை மாத்துனாரு, லைட்டு அளந்து நல்லாத்தான் இருக்குன்னாரு. நான் கேக்கலை. சண்டை போட்டு 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினேன். அன்னிக்கு ராத்திரியும் அதே கதை.

அப்புறம் ஒரு நாள், பாஸ் ஃபைட்ல நிக்கறேன், வெளிய அண்ணன் வண்டிய ஸ்டாண்ட் போடற சத்தம் கேட்டுச்சு. உள்ள வந்தான், லேப்டாப்பை தொறந்தான். ரெண்டே நிமிஷம், படம் உடைஞ்சுது. அப்பதான் மண்டைல அடிச்சுது. அண்ணன் கல்யாண வீடியோ எடுக்கறவன். அன்னிக்கு எடுத்த கிளிப்பெல்லாம் சென்னைல இருக்கற எடிட்டருக்கு கூகுள் டிரைவ்ல ஏறும். ஒரு நாளைக்கு சுமார் 12 ஜிபி. என் லைன்ல இறங்கறதுதான் 300, ஏறறது முன்னயும் 20, இப்பவும் 20. கணக்கு போட்டு பாத்தேன், 12 ஜிபி ஏற 80 நிமிஷம். எட்டரைல இருந்து பத்து வரைக்கும் சரியா பொருந்துது.

ஒண்ணு மட்டும் புரியலை. எனக்கு படம் இறங்கத்தான செய்யுது, அவன் ஏத்தறது ஏன் என்னைய பாதிக்கணும்?

வைஃபைவேண்டாம்

ப்ரோ, இதெல்லாம் சுத்தி வளைக்கிறது. வைஃபைய விட்டுட்டு கேபிள் போடுங்க, முடிஞ்சுது. எனக்கும் இதே மாதிரிதான் இருந்துச்சு. ஹால்ல ரவுட்டர், நான் பின்னாடி ரூம்ல, நடுவுல ரெண்டு செவுரு, ஒரு ஃப்ரிட்ஜ். கார் ரேஸ்ல வளைவுல திருப்புவேன், கார் நேரா போய் செவுத்துல முட்டின பிறகு ஸ்டீயரிங் திரும்பும். அம்மா திட்டத்திட்ட 15 மீட்டர் ஒயரை கதவு மேல ஆணியடிச்சு இழுத்தேன், அன்னிக்கோட சரி. அதோட ரவுட்டர்ல "கேமிங் முன்னுரிமை"ன்னு ஒண்ணு இருக்கும், உங்க லேப்டாப்ப அதுல சேத்துடுங்க. அண்ணன் எவ்ளோ ஏத்தினாலும் உங்களுக்குத்தான் முதல் வழி.

தெருக்கம்பி

நான் லைன் வேலை பாக்குறவன், அதனால முதல்ல ஒரு வார்த்தை: ஈரோட்டான், அந்த ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துருங்க. காலைல 11 மணிக்கு வந்து லைட்ட அளந்தா எல்லாம் பச்சையாத்தான் இருக்கும். அவர் பொய் சொல்லல.

உங்க கேள்விக்கு வரேன். படம் இறங்குதுன்னாலும் நீங்க அமுக்குற ஒவ்வொரு பட்டனும் மேல ஏறித்தான் போகணும். அதோட, "இத்தனை வந்துச்சு, இத்தனை வரல"ன்னு உங்க ஆப் சர்வருக்கு ஓயாம தகவல் அனுப்பிக்கிட்டே இருக்கும். அண்ணன் வீடியோ 20 எம்பிபிஎஸ்ஸையும் அடைச்சிட்டா, உங்க பட்டனும் தகவலும் அந்த வரிசையோட கடைசில போய் நிக்கும். சினிமா பாக்குறப்ப முன்கூட்டியே கொஞ்சம் சேத்து வெச்சுக்கும், அதனால தெரியாது. கேம்ல அப்படி சேத்து வைக்க முடியாது, அடுத்து நீங்க என்ன அமுக்குவீங்கன்னு சர்வருக்கு எப்படித் தெரியும்? தகவல் லேட்டா வந்தா சர்வர் "இவர் லைன் திணறுது"ன்னு நெனச்சு படத்தோட தரத்தைக் குறைக்கும். அதுதான் கட்டம். கொஞ்ச நேரம் ஒரு தகவலும் வரலைன்னா ஆளே இல்லன்னு செஷனை மூடிடும். அதுதான் உங்களை வெளிய தள்ளினது.

வைஃபையா லைனான்னு கண்டுபிடிக்க காசே வேண்டாம். ரெண்டு கமாண்ட் விண்டோ தொறந்து பக்கத்துல பக்கத்துல ஓட விடுங்க:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது உங்க ரவுட்டர் வரைக்கும் (சில வீட்ல நம்பர் வேறயா இருக்கும்), ரெண்டாவது வெளிய வரைக்கும். படம் உடையுறப்ப ரெண்டும் சேந்து எகிறினா வைஃபைதான். முதலாவது ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட்லயே நின்னு ரெண்டாவது மட்டும் எகிறினா, வரிசை ரவுட்டரத் தாண்டி லைன்ல நிக்குது. அப்ப நீங்க தங்கத்துல கேபிள் போட்டாலும் ஒண்ணும் ஆகாது.

வைஃபைவேண்டாம் தம்பி சொன்ன முன்னுரிமை பட்டன் பாதிதான் சரி. ரவுட்டர் தன் கையில இருக்குற வரிசைலதான் ஆளை முன்னாடி விட முடியும். கூட்டம் நிக்குறது அதுக்கு வெளிய, ஃபைபர் பெட்டியில. அதனால ரவுட்டர்ல ஏறுற வேகத்தையே 20க்குக் கீழ, 17 வாக்கில கட்டணும். அப்பத்தான் வரிசை ரவுட்டருக்குள்ள வரும், முன்னுரிமையும் வேலை செய்யும். எஸ்க்யூஎம்னு ஒரு வசதி இருக்குற ரவுட்டரா இருந்தா இன்னும் நல்லது, அதுவே பங்கு பிரிச்சிடும். ஆனா 300ஐயும் அதுல கட்டாதீங்க, மலிவான ரவுட்டர் மூச்சு வாங்கும். ஏறுற பக்கத்தை மட்டும் கட்டினாலே உங்க பிரச்சினைக்குப் போதும்.

வைஃபைவேண்டாம்

எனக்கு கேபிள் போட்டதும் சரியாச்சே அண்ணா, அதுக்கு என்ன சொல்றீங்க?

தெருக்கம்பி

உனக்கு ரெண்டு செவுரும் ஒரு ஃப்ரிட்ஜும் இருந்துச்சு தம்பி. அவருக்கு அண்ணன் இருக்காரு.

சேதுராமன்62

எனக்கும் இதே தொல்லை. பேரன் என் போன்ல துப்பாக்கி விளையாட்டு ஆடுவான், பத்து நிமிஷத்தில் போன் அடுப்பு மாதிரி சுடும், படம் இழுக்கும். பேக்கப்பை நிறுத்திப் பார்த்தேன், மாற்றம் இல்லை.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். டேட்டா கணக்கை யாரும் பார்ப்பதில்லை. ஜிஃபோர்ஸ் நவ் போன்றவை 1080பி 60 பிரேமுக்கு 25 எம்பிபிஎஸ் கேட்கின்றன. அதை எட்டால் வகுத்தால் நொடிக்கு 3 எம்பிக்குக் கொஞ்சம் மேல், மணிக்கு 11 ஜிபி. தினம் மூன்று மணி நேரம் ஆடினால் மாதம் 1000 ஜிபி. வீட்டு ஃபைபரில் பெரும்பாலும் 3300 ஜிபி வரம்பு என்பதால் தெரியாது. போன் ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிறவர்களுக்கு ஒரு நாள் டேட்டா பத்துப் பதினைந்து நிமிஷத்தில் காலி. நான் பாங்கில் வேலை பார்த்தவன், கணக்கு தப்பாது. ஆகையால் செட்டிங்ஸில் தரத்தை 720பி-க்கு இறக்கி வையுங்கள், 15 எம்பிபிஎஸ் போதும்.

பல்லாவரம்_நிஷா

சார், உங்க பேரன் ஆடறது போன்லயே ஓடற கேம். சூடானா போன்தான் ஸ்லோ ஆவுது, அதுக்கும் நெட்டுக்கும் சம்பந்தம் இல்ல. 15 எம்பிபிஎஸ் விஷயம் கரெக்டு, நானும் அப்படித்தான் வெச்சிருக்கேன். "ஆட்டோ"ல விட்டா படம் ஏறி எறங்கி கண்ணு வலிக்குது. கம்மியா ஒரே இடத்துல கட்டி வெச்சா நிம்மதி.

என் கதை வேற. எனக்கு கட்டம் எல்லாம் வராது, லேக்கும் கிடையாது. படம் கண்ணாடி மாதிரி ஓடிட்டே இருக்கும், திடீர்னு 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை பேரே லிஸ்ட்லேர்ந்து காணாமப் போயிடும். ஒரு நிமிஷம் கழிச்சு ஒண்ணும் நடக்காத மாதிரி வரும். அதுக்குள்ள மேட்ச் போச்சு. ஒரு நாள் டீம்ல நாலு பேரும் என்னை நம்பி கதவு பின்னாடி நிக்கறாங்க, நான் வெறும் கருப்பு ஸ்க்ரீனைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்.

ஆபீஸ் நண்பர் ஒருத்தர் சொன்னாரு, ரவுட்டர் ஆட்டோல 100ஆவது சேனல்ல போய் உக்காந்திருக்கு, அது ரேடாரோட பங்கு போட்டுக்கற சேனல், ரேடார் மாதிரி ஏதாவது காதுல விழுந்தா ரவுட்டர் உடனே அந்த சேனலை விட்டு எழுந்து போகணும்னு விதி. அதே மாதிரி வேற சேனல்ல உக்காரணும்னா முதல்ல ஒரு நிமிஷம் சும்மா கேட்டுட்டு இருக்கணுமாம். எங்க வீட்லேர்ந்து மீனம்பாக்கம் ரன்வே கூப்பிடு தூரம். சேனலை 36ல கட்டி வெச்சேன். மூணு வாரமா ஒரு தடவை கூட போகலை.

தெருக்கம்பி

36, 40, 44, 48 நாலுக்கும் அந்தத் தொல்லை கிடையாது, நல்ல வேலை பண்ணீங்க. ஆனா ஏர்போர்ட் ரேடார்னு அடிச்சுச் சொல்லாதீங்க. ரவுட்டரே தப்பா காதுல வாங்குறதும் உண்டு. லாக்ல "radar detected"னு வந்துச்சா?

பல்லாவரம்_நிஷா

லாக் பக்கத்துக்கு பாஸ்வேர்ட் நெட் கம்பெனிக்காரங்க தர மாட்டேங்கறாங்க. என்னவா இருந்தா எனக்கென்ன, ஓடுது.

யாழ்_இரவு

உங்களுக்கெல்லாம் திருத்த ஒண்டு இருக்கு. எனக்கு அதுவும் இல்லை.

நான் யாழ்ப்பாணத்தில இருந்து சிங்கப்பூர் சர்வரிலதான் விளையாடுறனான். படம் சுத்தம், ஒரு கட்டமும் இல்லை, தொடர்பும் அறாது. பிங் 70, இரவு பகல் எண்டில்லாமல் அப்பிடியே நிக்கும். கேபிள் போட்டன், 4 மில்லிசெகண்ட் குறைஞ்சது. பக்கேஜ் கூட்டினன், ஒண்டும் குறையேல்லை. கிரிக்கெட் கேமில பந்து துடுப்பைத் தாண்டின பிறகுதான் என்ர ஆள் துடுப்பை வீசுவான். பந்து பிட்ச் ஆக முதலே அடிச்சுப் பழகினன், இப்ப நண்பன்ர வீட்டில கன்சோலில விளையாடினால் எல்லாப் பந்துக்கும் முந்தி அடிச்சு ஆட்டமிழக்கிறன்.

ஃபைபருக்குள்ள ஒளியே செகண்டுக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய்வர ஆறாயிரம் கிலோமீட்டர் எண்டாலும் 30 மில்லிசெகண்ட் சும்மா போயிடும், மிச்சம் வழியில சுத்துறது. அதை எந்த ரவுட்டரும் குறைக்காது. வேறை பாதையால போறதுக்கு விபிஎன் போட்டுப் பாக்கச் சொல்லி ஒருத்தர் சொன்னார், போட்டன், 70 எண்டது 95 ஆனது. ஆருக்கும் குறைஞ்சிருக்கோ?

வைஃபைவேண்டாம்

எனக்கு ஒரு தடவை குறைஞ்சுது, ஒரு வாரம். அப்புறம் பழையபடி ஏறிடுச்சு. காரணம் தெரியலை.

ஈரோட்டான்

தெருக்கம்பி அண்ணா, நேத்து ராத்திரி ரெண்டு விண்டோவும் வெச்சு பாத்தேன். வண்டி வரதுக்கு முன்னாடி ரவுட்டர் 2, வெளிய 22. அண்ணன் லேப்டாப் தொறந்ததும் ரவுட்டர் அதே 2, வெளிய 180, 310, 460ன்னு ஏணி மாதிரி ஏறுது. நடுவுல "Request timed out". ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டேன், அண்ணன் நம்பமாட்டான்னு.

ரவுட்டர் அவங்க குடுத்தது, வேகத்தை கட்டற வசதியே அதுல இல்லைங்க. அதனால அண்ணன் லேப்டாப்ல டிரைவ் ஆப்போட செட்டிங்ஸ்குள்ளயே போய் ஏத்தற வேகத்துக்கு 2000னு போட்டேன். அது கிலோபைட் கணக்கு, நம்ம கணக்குல 16 எம்பிபிஎஸ். உடனே வெளிய 26க்கு இறங்குச்சு, படமும் கூடவே தெளிஞ்சுது. அந்த பாஸையும் அடிச்சாச்சு.

300 பிளானை திரும்ப 100க்கு மாத்தச் சொல்லி கேபிள்காரருக்கு போன் பண்ணேன். "இப்ப லைன் நல்லாருக்கா தம்பி?"ன்னு கேட்டாரு. நல்லாருக்குங்கண்ணான்னேன், அண்ணன் விஷயத்தை சொல்ல வாய் வரலை.

இப்ப அண்ணனுக்கு 80 நிமிஷத்துல ஏறினது 100 நிமிஷம் ஆகுது. "நெட்டு ஸ்லோவா இருக்கு, கேபிள்காரனுக்கு போனைப் போடு"ங்கறான்.